போன் தஞ்சாவூரில், முகவரி சிங்கப்பூரில்

துபாயில் வேலை பார்க்கும் மகன் புது போன் வாங்கிவிட்டார். பழைய ஆண்ட்ராய்டு போனை லீவில் வந்தபோது தஞ்சாவூரிலிருக்கும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். உள்ளே இருந்த எதையும் அழிக்கவில்லை, அம்மாவின் சிம்மை மட்டும் மாற்றிப் போட்டார். வாட்ஸ்அப் வருகிறது, யூடியூப் ஓடுகிறது. ஆனால் வங்கி ஆப்பைத் திறந்தால் விபிஎன்னை அணைத்துவிட்டு வரச் சொல்கிறது. சீரியல் பார்க்கும் ஆப்போ ‘உங்கள் பகுதியில் இந்த நிகழ்ச்சி கிடைக்காது’ என்கிறது; சந்தா கட்டப் போனால் விலையை திர்ஹாமில் காட்டுகிறது. “நான் எதையும் போடலையேப்பா” என்று அம்மா மகனிடம் சொல்கிறார். அவர் சொல்வது உண்மைதான்.

வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் போன்களில் இப்படி நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், ஆனால் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் தடுக்கப்பட்டவை. வீட்டாரின் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காகவே பலர் ஏதாவது ஒரு இலவச விபிஎன் ஆப்பைப் போட்டுக்கொள்கிறார்கள். அது அங்கே சட்டச் சிக்கலையும் இழுத்துவரக்கூடிய காரியம் என்பது வேறு விஷயம். ஊர் மாறிய பிறகும் அந்த ஆப் போனுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

விபிஎன் செய்வது என்ன? தஞ்சாவூரில் எழுதிய கடிதத்தை ஒருவர் வாங்கிப்போய் சிங்கப்பூரில் தபாலில் சேர்த்தால், உறையின்மேல் சிங்கப்பூர் முத்திரைதான் விழும். விபிஎன் போட்ட போனும் அப்படித்தான். அதிலிருந்து கிளம்பும் தரவு பூட்டிய குழாய் ஒன்றின் வழியாக விபிஎன் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் இணையத்துக்குள் இறங்குகிறது. எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரிவது அந்த சர்வரின் ஐபி முகவரி மட்டுமே. எந்த ஐபி எந்த நாட்டில், எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று தொகுத்து விற்கும் பட்டியல்கள் உண்டு. ஆப் நிறுவனங்கள் அவற்றைப் பார்த்துத்தான் நம் நாட்டை முடிவு செய்கின்றன. வீட்டு பிராட்பேண்டுக்கும் செல்போன் நிறுவனத்துக்கும் உரிய முகவரி எது, டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்தது எது என்பதையும் அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் சொல்லிவிடும். வங்கி கவனிப்பது இந்த இரண்டாவது விவரத்தை. சாதாரண வாடிக்கையாளர் யாரும் டேட்டா சென்டருக்குள் உட்கார்ந்து பாக்கி பார்ப்பதில்லை. அதோடு, ஒரே விபிஎன் முகவரியை ஒரே நேரத்தில் ஏராளமான பேர் பயன்படுத்துவார்கள். அவர்களில் யாரோ ஒருவர் திருட்டு வேலை செய்திருந்தால் அந்தக் கெட்ட பெயர் அம்மாவின் மீதும் விழும்.

இது வெளியிலிருந்து நடக்கும் சோதனை. போனுக்குள்ளேயே நடக்கும் சோதனை ஒன்றும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. இப்போதைய இணைப்பு விபிஎன் வழியாகப் போகிறதா என்று எந்த ஆப்பும் ஆண்ட்ராய்டிடம் கேட்கலாம். ஆண்ட்ராய்டு ஆமாம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும். சில வங்கி ஆப்கள் ஆமாம் என்று வந்தாலே கதவைச் சாத்திவிடுகின்றன. அந்த விபிஎன் நல்லதா, கெட்டதா, எந்த நாட்டில் போய் இறங்குகிறது என்பதையெல்லாம் அவை பார்ப்பதில்லை.

இதனால் ஒரு பாவமும் அறியாதவர்கள்கூட மாட்டிக்கொள்கிறார்கள். விளம்பரங்களைத் தடுக்கும் ஆப்கள், எந்த ஆப்புக்கு நெட் கொடுக்கலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்கள், பிள்ளைகளின் போனைக் கண்காணிக்கும் ஆப்கள், சில ஆன்டிவைரஸ்கள் ஆகியவை எல்லாத் தரவையும் தங்கள் வழியாகக் கொண்டுபோக, ஆண்ட்ராய்டின் இதே விபிஎன் வசதியைத்தான் எடுத்துக்கொள்கின்றன. இவற்றில் பல தரவை வெளிநாட்டுக்கு அனுப்புவதே இல்லை. போனுக்குள்ளேயே வடிகட்டிவிட்டு வழக்கமான இணைப்பில் விட்டுவிடுகின்றன. ஐபி முகவரி மாறுவதில்லை, சீரியல் ஒழுங்காக ஓடும். வங்கி ஆப் மட்டும் மறுக்கும். முதல்முறை திறந்தபோது Connection request என்று ஒரு பெட்டி வந்திருக்கும், நாமும் OK தட்டியிருப்போம். அத்தோடு மறந்துபோயிருக்கும்.

எந்தச் சோதனையில் மாட்டினோம் என்பதை அனுமானிக்கவும் வழி இருக்கிறது. ஆப்பைத் திறந்தவுடனே, கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே எச்சரிக்கை வந்தால் அது போனுக்குள் நடக்கும் சோதனையாக இருக்க வாய்ப்பு அதிகம். கடவுச்சொல்லை எல்லாம் வாங்கிக்கொண்டு, சிறிது நேரம் சுற்றிவிட்டு, காரணம் சொல்லாமல் வெளியே தள்ளினால் வங்கியின் சர்வர் முகவரியைப் பார்த்து மறுத்திருக்கலாம். இந்த இரண்டாவது வகையில் திரும்பத் திரும்ப முயல்வது ஆபத்து, கணக்கே தற்காலிகமாகப் பூட்டப்படலாம். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். விபிஎன் அப்படியேதான் இருக்கும். ஆனால் சிம்மையும் போனையும் இணைத்து வங்கி செய்துவைத்த பதிவு போய்விடும். எஸ்எம்எஸ் அனுப்புவதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

இனி அம்மாவின் போனுக்கு வருவோம். திரையின் மேல்பட்டையில் சின்னதாக ஒரு சாவிப் படம் தெரிகிறது. விபிஎன் ஓடுகிறது என்பதற்கு ஆண்ட்ராய்டு காட்டும் அடையாளம் அது. ஐபோனாக இருந்தால் VPN என்ற எழுத்துகளே தெரியும். பக்கத்து வீட்டுப் பையன் அந்த ஆப்பைத் தேடிப்பிடித்து அணைக்கிறான். சற்று நேரத்தில் சாவி திரும்ப வந்துவிடுகிறது. ஆப்பைக் கட்டாயமாக நிறுத்திப் பார்க்கிறான். இப்போது நெட்டே வரவில்லை. “இது இருந்தாத்தான் நெட் வருது பாட்டி” என்று சொல்லி மறுபடி போட்டுவிட்டுப் போய்விடுகிறான்.

அவன் கண்டது சரி, காரணம்தான் வேறு. Settings-க்குள் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் VPN என்று தட்டினால் அந்தப் பக்கம் வரும். போனுக்குப் போன் பாதை மாறுவதால் தேடிப் போவதே சுலபம். அங்கே ஆப்பின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் இரண்டு சுவிட்சுகள் இருக்கின்றன: Always-on VPN, Block connections without VPN. முதலாவது, விபிஎன்னை எப்போதும் உயிரோடு வைத்திருக்கும். இரண்டாவது, விபிஎன் இல்லாதபோது ஆப்களின் தரவை வெளியே விடாது. துபாயில் அழைப்பு நடுவில் அறுந்துபோகக் கூடாது என்று மகன் இரண்டையும் போட்டுவைத்திருந்தார். இரண்டையும் அணைத்து, அங்கேயே Forget VPN கொடுத்து, அதன்பிறகு ஆப்பை நீக்கியதும் சாவி மறைகிறது. பிரவுசரில் what is my ip என்று தேடிக் கிடைக்கும் தளம் ஒன்றில் நாடு இந்தியா என்று வருகிறது. வங்கி ஆப்பும் திறந்துகொள்கிறது.

சீரியல் ஆப் இன்னும் சிங்கப்பூரிலேயே நிற்கிறது. முன்பு கண்டுபிடித்த நாட்டை அது நினைவில் வைத்திருக்கிறது. ஆப்பை முழுதாக நிறுத்தி, அதன் கேச்சை அழித்துத் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே போக வேண்டும். ஆனால் விலை இன்னமும் திர்ஹாமில்தான். இதற்கு விபிஎன் காரணமல்ல. போனில் இருப்பது மகனின் கூகுள் கணக்கு, அதன் பிளே ஸ்டோர் நாடு அமீரகம். அதை மாற்ற, மாறப்போகும் நாட்டில் இருந்துகொண்டு அந்த நாட்டுக் கார்டு போன்ற ஒரு கட்டண வழியைச் சேர்க்க வேண்டும். மாற்றம் முழுதாக வந்துசேர 48 மணி நேரம் வரை ஆகலாம், அதன்பிறகு ஓராண்டுக்குத் திரும்ப மாற்ற முடியாது. துபாயில் இருக்கும் மகனின் கணக்கில் இதில் கை வைக்காமல் அம்மாவுக்கென்று தனிக் கணக்கு ஒன்றைப் போனில் சேர்ப்பதே நல்லது.

விபிஎன்னை விட முடியாதவர்கள் அதற்குள்ளேயே இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினி அவசர உதவி அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி போன்ற விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. இதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் போன்ற பெரிய நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. அதன்பின் எக்ஸ்பிரஸ்விபிஎன் தந்த ‘இந்தியா’ சர்வர்கள் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் இருந்தபடி இந்திய முகவரியைக் காட்டுபவை. ஒரு பட்டியல் அவற்றை இந்தியா என்று நம்பும், இன்னொன்று நம்பாது. அதனால் ஒரு ஆப் வேலை செய்யும், அடுத்தது செய்யாது. எப்படியிருந்தாலும் அது டேட்டா சென்டர் முகவரிதான். வங்கி ஆப்பை மட்டும் குழாய்க்கு வெளியே விடும் வசதி பல ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களில் உண்டு, பெரும்பாலும் Split tunneling என்ற பெயரில். அதையே முதலில் முயலலாம். போனில் எங்காவது விபிஎன் ஓடினாலே மறுக்கும் கண்டிப்பான ஆப்களிடம் இது பலிக்காது.

சாவிப் படமே இல்லாமல் இதே தொல்லை வந்தால் பிராக்சியைச் சந்தேகிக்க வேண்டும். அது அடையாளம் எதையும் காட்டாது. ஆனால் வைஃபைக்கு வைஃபை தனித்தனியாகப் பதிவாவது என்பதால் சுலபமாகக் காட்டிக்கொடுத்துவிடும்: மொபைல் டேட்டாவில் எல்லாம் சரி, குறிப்பிட்ட வைஃபையில் மட்டும் தகராறு. அந்த வைஃபையின் விவரத்தைத் திறந்து Proxy என்ற இடத்தில் Manual என்றும் ஏதோ ஒரு முகவரியும் இருந்தால் None ஆக்கிவிடலாம். ஐபோனில் இது Configure Proxy என்று இருக்கும், அங்கே Off. அலுவலகம் கொடுத்த போன் என்றால் அவர்களைக் கேட்காமல் தொடக் கூடாது.

இரண்டுமே இல்லாமலும் நாடு தப்பாகத் தெரிவது உண்டு. அமீரகத்து சிம்மை ரோமிங்கில் போட்டுக்கொண்டு தஞ்சாவூரில் நெட் பார்த்தால், தரவு பொதுவாக அந்த நாட்டு நிறுவனத்துக்கே போய்த்தான் வெளியேறும். அதனால் ஆப்களுக்கு அவர் அமீரகத்தில்தான் இருக்கிறார். பயணிகளுக்கு விற்கும் இ-சிம்களில் மூன்றாவது நாடு ஒன்றுகூட வரலாம். வீட்டு வைஃபைக்கு மாறிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஊர் மட்டும் தவறாக, தஞ்சாவூருக்குப் பதில் சென்னை என்றோ மும்பை என்றோ வந்தால் அதற்காகப் போனைக் குடைய வேண்டாம். செல்போன் நிறுவனத்தின் தரவு வெளியேறும் இடம் அதுவாக இருக்கும். நாடே தவறாக வந்து, விபிஎன்னும் பிராக்சியும் ரோமிங்கும் இல்லை என்று உறுதியானால், பட்டியலில்தான் பிழை இருக்கும். அப்போது தெரியும் ஐபி முகவரியையும் நாளையும் நேரத்தையும் குறித்து, இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கும் அந்த ஆப்பின் உதவிப் பிரிவுக்கும் அனுப்ப வேண்டும். திருத்தம் அவர்கள் பக்கத்தில்தான் நடக்க முடியும்.