ஜெனரேட்டர் டீசலை எப்படிப் பங்கு பிரிப்பது?

பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாளில் வணிக வளாகத்தின் ஜெனரேட்டர் ஓடுகிறது. மாதக் கடைசியில் டீசல் செலவைக் கடைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறார்கள். ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, மோட்டார் பொருத்திய தையல் மெஷின் வைத்திருப்பவரும், இரண்டு ஃப்ரீசர் ஓட்டும் பேக்கரிக்காரரும் ஒரே தொகை கட்டுகிறார்கள். லோடு கூடக்கூட இன்ஜின் அதிக டீசல் குடிக்கும் என்பதால் இந்தக் கணக்கு சரியல்ல.

ஓர் உதாரணம். பத்துக் கடை, 30 கேவிஏ ஜெனரேட்டர். மாதத்தில் 12 மணி நேரம் ஓடி 60 லிட்டர் செலவானது. லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் 5,700 ரூபாய். சமமாகப் பிரித்தால் கடைக்கு 570.

இப்போது லோடைப் பார்ப்போம். கடைகளுக்கு 18 கிலோவாட், படிக்கட்டு விளக்கும் தண்ணீர் மோட்டாரும் 2 கிலோவாட், மொத்தம் 20. ஆக, கிலோவாட்டுக்கு 285 ரூபாய். பொது லோடுக்கான 570 ரூபாயை எல்லோரும் சமமாக ஏற்றால் கடைக்கு 57. அரை கிலோவாட் தையல் கடைக்கு 142.50-உம் 57-உம் சேர்த்து 199.50 ரூபாய். 5 கிலோவாட் பேக்கரிக்கு 1,482.

பேக்கரிக்காரர் கேட்பார்: "என் ஏசி ஜெனரேட்டர் லைனிலேயே இல்லையே, அதையும் ஏன் சேர்த்தீங்க?" நியாயமான கேள்வி. மின்வாரிய அட்டையில் உள்ள லோடை அப்படியே எடுப்பதுதான் இதில் அடிக்கடி நேரும் தவறு. ஜெனரேட்டர் லைனில் எந்தக் கருவிகள் இருக்கின்றன என்று எலெக்ட்ரீஷியன் கடை கடையாகப் பார்த்து, வாட்டைக் கூட்டி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த லோடுக்கு ஏற்ற எம்சிபியை லைனில் பொருத்திவிட்டால் பிறகு வாக்குவாதம் இருக்காது. தையல் கடைக்கு 4 ஆம்ப் போதும். ஏறத்தாழ 900 வாட் தாங்கும். அவர் ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியையும் போட்டால் சற்று நேரத்தில் எம்சிபி விழுந்துவிடும். இஸ்திரி வேண்டுமென்றால் லோடை ஒன்றரை கிலோவாட்டாக எழுதிக்கொள்ளட்டும்.

இந்த முறை இணைத்த லோடைத்தான் பார்க்கிறது, ஓட்டிய நேரத்தை அல்ல. அன்று கடை அடைத்தவருக்கும் பங்கு வரும். ஒரு மாதம் முழுக்க அடைப்பவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அவர் லோடை மொத்தத்திலிருந்து எடுத்துவிடலாம். மணிக்கணக்கில் கழிக்க ஆரம்பித்தால் கணக்கு எழுத ஆள் போட வேண்டியிருக்கும். அந்த அளவு துல்லியம் தேவைப்பட்டால், மின்வாரிய யூனிட்டையும் ஜெனரேட்டர் யூனிட்டையும் தனித்தனியாகக் காட்டும் மீட்டரைக் கடைதோறும் வைப்பதே வழி.

நோட்டீஸில் தொகையை மட்டும் எழுதி ஒட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஜெனரேட்டரின் மணி மீட்டர் மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் காட்டிய எண், டேங்கில் இருந்த அளவு, வாங்கிய லிட்டர், பில் தொகை, எல்லாக் கடைகளின் லோடு ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். அப்போது யாரும் லிட்டரை மணியால் வகுத்துப் பார்க்கலாம். நம் உதாரணத்தில் மணிக்கு 5 லிட்டர். லோடு மாறாமலே அது அடுத்த மாதம் 8 ஆனால், பங்குத் தொகையை வசூலிக்கும் முன் டேங்க், டீசல் குழாய், ஏர் ஃபில்டர், வாங்கிய பில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.