பாட்டி எந்தத் தெரு வழியாக நடந்தார்? நாஞ்சில் நாட்டில் வாய்மொழி வரலாறு எழுதும் மாணவர்களுக்கு

வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் தரப்படும் ஆய்வுத் தலைப்புகளுள் ஒன்று, “எங்கள் ஊரில் அன்றாட வாழ்வின் மாற்றங்கள்: தாத்தா பாட்டியருடன் நேர்காணல்” என்பது. பெரும்பாலும் அது அம்மி, உரல், மாட்டுவண்டி ஆகியவற்றின் பட்டியலாக முடிந்துவிடுகிறது. நாஞ்சில் நாட்டு மாணவர்கள் இதைவிடக் குறுகிய தலைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று கருதுகிறோம். உங்கள் பாட்டி சிறுமியாக இருந்தபோது எந்தத் தெரு வழியாக நடந்தார், எந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார் என்பதே அது.

சுசீந்திரத்தை எடுத்துக்கொள்வோம். தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கத் தடை இருந்தது. அதை எதிர்த்து 1926இல் டாக்டர் எம்.இ. நாயுடு முதலானோர் சத்தியாகிரகம் நடத்தினர். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். பாடநூல்களில் கதை இத்துடன் முடிந்துவிடும்.

இப்போது 1944இல் பிறந்த ஒரு பாட்டி, “தேர் வீதியில் எங்களை விடமாட்டார்கள்” என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். பிரகடனம் வந்து எட்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் அவர். பாட்டிக்கு நினைவு பிசகிவிட்டது என்று மாணவர் அந்த வரியை அடித்துவிடக் கூடாது. அதற்கு இரண்டு பொருள்கள் இருக்க முடியும். தம் தாய் பட்ட அவமானத்தைக் கேட்டுக் கேட்டு, அதைத் தம்முடையதாகவே அவர் நினைவில் வைத்திருக்கலாம். அல்லது, சட்டம் மாறிய பின்னும் வீதி மாறாமல் இருந்திருக்கலாம். முதலாவது, நினைவு தலைமுறை கடந்த வரலாறு. இரண்டாவது, சட்டம் மீறப்பட்டதற்கான சாட்சியம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இந்த ஆய்வின் உயிர்.

வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்த விதி. கண்டதைக் கண்டவரே சொல்ல வேண்டும். வரலாறு இவ்வளவு கறாரானதன்று. கேள்விப்பட்டதற்கும் அதில் இடமுண்டு. ஆனால் கண்டது எது, கேட்டது எது என்று தனித்தனியே குறித்தாக வேண்டும்.

அதற்குக் கேள்வி கேட்கும் முறை முக்கியம். “உங்களைத் தடுத்தார்களா?” என்பது விடையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கேள்வி. “வடசேரிச் சந்தைக்கு எந்த வழியாகப் போவீர்கள்?” என்று தொடங்குங்கள். உடன் யார் வந்தார், தலையில் என்ன சுமை இருந்தது, எந்த இடத்தில் திரும்பினீர்கள், ஏன் அங்கே திரும்பினீர்கள் என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். தாமே நடந்தவரால் பொதுவாகத் திருப்பத்தையும் சுமையையும் சொல்ல முடியும். கேள்விப்பட்டவரிடம் தடை மட்டுமே எஞ்சியிருக்கும். யாரும் வாய்திறந்து தடுக்கவில்லை, “போகக்கூடாது என்று தெரியும்” என்ற விடையும் வரலாம். அதையும் அப்படியே எழுதுங்கள். பிரகடனத்தால் எட்ட முடியாத இடம் அதுதான்.

காலத்தை உறுதிசெய்ய அடையாள அட்டையிலுள்ள பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். அந்தத் தலைமுறையில் பலருக்கு அது உத்தேசமாக எழுதப்பட்டது. கன்னியாகுமரி தமிழ்நாட்டுடன் இணைந்தது 1956 நவம்பர் 1இல். நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரலில். தெருவைச் சுற்றிப் போனது இவற்றுக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். கொல்லம் ஆண்டில் விடை வந்தால், ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி வரை 825ஐயும் கூட்டுங்கள். பிரகடனம் வந்தது கொல்லம் 1112இல்.

சட்டத்தின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 1936 பிரகடனம், மன்னரும் அரசும் நிர்வகித்த கோயில்களுக்கே பொருந்தியது. தனியார் கோயில்களும், தேநீர்க் கடைகளும், கிணறுகளும் அதில் அடங்கவில்லை. தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய நாடு தழுவிய சட்டம் 1955இல்தான் வந்தது. எனவே பாட்டி சொல்லும் இடம் எது, காலம் எது என்பதைப் பொறுத்தே அது அன்றைய சட்டத்தை மீறிய செயலா, சட்டம் தொடாமல் விட்ட கொடுமையா என்று முடிவுசெய்ய இயலும்.

ஒரே குரலோடு நிறுத்த வேண்டாம். அதே வீதியில் தடையின்றி நடந்த குடும்பத்து முதியவர் ஒருவரையும் கேளுங்கள். “அப்படியெல்லாம் ஒன்றும் இருந்ததில்லை” என்று அவர் சொன்னால், அதுவும் ஒரு தரவுதான். தடை உள்ளவருக்குத் தெரியும் சுவர், தடை இல்லாதவரின் கண்ணில் படுவதில்லை.

இறுதியாக ஒன்று. பாட்டி குறிப்பிடும் குடும்பங்கள் இன்றும் அதே ஊரில் இருக்கலாம். உங்கள் வீட்டார் அவர்களது வயலில் கூலிக்குச் செல்லலாம். ஒலிப்பதிவுக்கு முன் அனுமதி கேளுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பெயரை நீக்கச் சொன்னால் நீக்கிவிடுங்கள். பெயர் போனாலும், அவர் திரும்பிய அந்தத் தெருமுனை கட்டுரையில் இருக்கட்டும்.