படமெடுத்த கால அட்டவணையிலிருந்து பாடவேளைகளைக் கணக்கிடுதல்

கல்வியாண்டின் முதல் இரண்டு வாரங்களில் எங்கள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அதிகம் வருவது கால அட்டவணைப் படங்கள்தான். தலைமையாசிரியர் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் அட்டவணையை யாரோ ஒருவர் கைபேசியில் எடுத்து அனுப்புவார். ஆண்டுப் பாடத்திட்டம் தயாரிக்கவும், பணிப்பளு விவரம் எழுதவும், விடுப்பில் சென்றவரின் வகுப்புகளைப் பகிரவும் அந்தப் படமே ஆதாரமாகிவிடுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் வாரத்தில் எத்தனை பாடவேளை, எவ்வளவு நேரம் என்று கூட்டுவது எளிய வேலையாகத் தெரியும். ஆனால் ஒரே படத்தைப் பார்த்து மூன்று ஆசிரியர்கள் மூன்று எண்களைச் சொல்வதை நான் கண்டிருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவின் அட்டவணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு எட்டுப் பாடவேளை. முற்பகலின் நான்கும் 45 நிமிடம், பிற்பகலின் நான்கும் 40 நிமிடம். படத்தில் இருப்பது இது:

| | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 | 8 |
|---|---|---|---|---|---|---|---|---|
| திங்கள் | தமி | ஆங் | கணி | அறி | சமூ | கணி | ஆங் | உட |
| செவ்வாய் | கணி | தமி | அறி | சமூ | ஆங் | தமி | அறி ஆய்வகம் | → |
| புதன் | ஆங் | கணி | தமி | சமூ | அறி | கணி | நூல் | உட |
| வியாழன் | அறி | தமி | ஆங் | கணி | சமூ | தமி | ஓவி | நன் |
| வெள்ளி | தமி | கணி | அறி | ஆங் | சமூ | ஆங் | கணி | உட/ஓவி |

பாடங்களை எண்ணுவதற்கு முன் கட்டங்களை எண்ண வேண்டும். 5 நாள், 8 பாடவேளை என்றால் 40 வர வேண்டும். இடைவேளை, உணவு இடைவேளைக்கான நெடுங்கட்டங்களை இதில் சேர்க்கக் கூடாது. இந்த 40 என்ற எண்ணைத் தாளின் மேலே எழுதிவைத்துவிட்டுத்தான் நான் அடுத்த வேலைக்குப் போவேன். படம் சாய்வாக எடுக்கப்பட்டு எட்டாவது பாடவேளை ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தாலோ, கண்ணாடியில் பட்ட வெளிச்சம் ஒரு கட்டத்தை மறைத்திருந்தாலோ இந்த எண் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அப்படியானால் ஊகித்து நிரப்பாமல், ஒளிவிளக்கை அணைத்து நேராக நின்று இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்வது நல்லது.

எண்ணும்போது பாடம் பாடமாகத் தேடாமல் நாள் நாளாகப் போக வேண்டும். "தமிழ் எங்கெல்லாம் இருக்கிறது" என்று கண்ணால் தேடினால் ஒன்றிரண்டு தப்பிவிடும். திங்கள் முதல் கட்டத்தில் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்தந்தப் பாடத்தின் எதிரே ஒரு கோடு போட்டு, படத்தில் அந்தக் கட்டத்தின்மேல் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போகலாம். கைபேசியில் படத்தைத் திருத்தும் வசதியிலேயே புள்ளி வைக்க முடியும். முற்பகல் கோடுகளையும் பிற்பகல் கோடுகளையும் தனித்தனிப் பத்தியில் போடுவது பின்னால் உதவும்.

இப்படிப் போகும்போது செவ்வாய் பிற்பகலில் முதல் சிக்கல் வருகிறது. அறிவியல் ஆய்வகம் ஏழாவது, எட்டாவது பாடவேளைகளுக்குச் சேர்த்து ஒரே கட்டமாக வரையப்பட்டிருக்கிறது. படத்தில் அது ஒரு சொல்தான், ஆனால் இரண்டு பாடவேளை. அதை ஒன்றாக எண்ணியவருக்கு அறிவியல் 6 வரும். மொத்தம் 39இல் நிற்கும். "அறிவியலுக்கு ஆறுதானே சார் வருது?" என்று கேட்ட இளம் ஆசிரியரிடம் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒன்று குறைந்ததும் எங்கே என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். வாரத்துக்கு ஒன்று என்பது சிறியதாகத் தோன்றலாம். 30 வாரத்துக்குப் பாடத்திட்டம் எழுதினால் அது 30 பாடவேளை. ஒரு பருவத்தின் செய்முறைகள் முழுவதும் இடமில்லாமல் போகும்.

வெள்ளி எட்டாவது கட்டத்தில் 'உட/ஓவி' என்றிருக்கிறது. சாய்கோட்டுக்கு இரண்டு பொருள் இருக்கலாம். ஒரு வாரம் உடற்கல்வி, மறுவாரம் ஓவியம் என்றால் ஆளுக்கு அரைப் பாடவேளை. வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கிறது என்றால், வகுப்பின் கணக்கில் அது ஒரு பாடவேளைதான். ஆசிரியர் கணக்கில் மட்டும் இருவருக்கும் முழுதாக ஒன்று. படத்தைப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வகுப்பில் அது வாரம் மாறி வருவது. எனவே உடற்கல்வி 2½, ஓவியம் 1½.

மூன்றாவது சிக்கல்தான் கடினமானது. வெள்ளி ஏழாவது கட்டத்தில் உள்ள 'கணி' கணிதமா, கணினியா? மற்ற இடங்களைப் போலவே இருப்பதால் கணிதம் என்று எண்ணினால் கணிதத்துக்கு 8 வரும், கணினி என்ற பாடமே கணக்கில் இருக்காது. ஆனால் மொத்தம் அப்போதும் 40தான். விடுபட்ட கட்டத்தை மொத்தம் காட்டும். பாடம் மாறி விழுந்த கட்டத்தைக் காட்டாது. அதற்கு ஆசிரியர்வாரி அட்டவணை வேண்டும். கணித ஆசிரியரின் அட்டவணையில் வெள்ளி ஏழாவது வேளை 'ஓய்வு' என்று இருந்தது. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் பதிவில் அதே நேரத்தில் 8 ஆ இருந்தது. ஆகவே அது கணினி. ('கணி', 'அறி' போன்ற சுருக்கங்களை அட்டவணை எழுதுபவர்கள் கொஞ்சம் நீட்டி எழுதினால் பாதித் தொல்லை தீரும்.)

இப்போது கணக்கு நேராகிறது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் தலா 7, சமூக அறிவியல் 5, ஆக 33. உடற்கல்வி 2½, ஓவியம் 1½, நூலகம், நன்னெறி, கணினி தலா 1, ஆக 7. மொத்தம் 40.

இனி நேரம். பாடவேளையை மணி என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த வகுப்புக்கு வாரம் 40 மணி நேரம் பாடம் என்று எழுதினால் அது தவறு. ஒரு நாளுக்கு முற்பகலில் 180, பிற்பகலில் 160, ஆக 340 நிமிடம். வாரத்துக்கு 1700 நிமிடம், அதாவது 28 மணி 20 நிமிடம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு ஆண்டில் 220 வேலை நாளும் 1000 கற்பித்தல் மணி நேரமும் வேண்டும் என்கிறது. அதோடு ஒப்பிட வேண்டியது பாடவேளை எண்ணிக்கையை அல்ல, இந்த நிமிடக் கணக்கைத்தான். 220 நாளுக்கு 340 நிமிடம் வீதம் 1246 மணி 40 நிமிடம் வருகிறது.

தனித்தனிப் பாடத்துக்கு முற்பகல், பிற்பகல் பத்திகள் இங்கே பயன்படும். தமிழின் 7இல் முற்பகலில் 5, பிற்பகலில் 2. 225 உடன் 80 சேர்த்தால் 305 நிமிடம். கணிதத்துக்கும் அதே 305. ஆங்கிலம், அறிவியல் இரண்டும் முற்பகலில் 4, பிற்பகலில் 3 என்பதால் 300. சமூக அறிவியலுக்கு முற்பகலில் 2, பிற்பகலில் 3, எனவே 210 நிமிடம், மூன்றரை மணி நேரம். மற்றவை ஏழும் பிற்பகலில் இருப்பதால் 280. எல்லாம் சேர்ந்து 1700 வருகிறதா என்று ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட வேண்டும், வருகிறது.

சனிக்கிழமை வேலை நாளாக அறிவிக்கப்பட்டால் அன்று எந்த நாளின் அட்டவணை என்பதைப் பொறுத்துச் சில பாடங்களுக்கு மட்டும் கூடுதல் வேளை கிடைக்கும். வாரக் கணக்கில் அதைச் சேர்க்காமல், ஆண்டுத் திட்டத்தின் ஓரத்தில் தேதியுடன் தனியே குறித்துக்கொள்கிறேன். புதன்கிழமை அட்டவணை வந்தால் கணிதத்துக்கு இரண்டு கிடைக்கும். வியாழன் வந்தால் தமிழுக்கு இரண்டு.