பெயர் டயலில், ஊர் முதுகில்

நண்பர் ஒருவர் பழைய சாமான் கடையில் ஒரு பெண்டுலம் கடிகாரம் வாங்கி வந்தார். எண்கோணச் சட்டம், அதன் கீழே கண்ணாடிக் கதவு போட்ட சின்னப் பெட்டி, டயலில் 'அன்ஸோனியா, நியூயார்க்' என்ற எழுத்து. "நூறு வருஷத்து அமெரிக்கன் சார், அப்படியே ஒரிஜினல்" என்று கடைக்காரர் சத்தியம் செய்திருக்கிறார். ஒரே ஒரு குறைதான். நாளைக்கு ஐம்பது நிமிஷம் முந்தி ஓடுகிறது. குண்டுக்கு அடியில் இருக்கும் திருகை எவ்வளவு இறக்கினாலும் அடங்கவில்லை.

கடிகாரத்தை எல்லோரும் முகத்தைப் பார்த்துத்தான் எடை போடுகிறோம். ஆனால் முகம்தான் மாற்றுவதற்குச் சுலபமானது. டயல் காகிதம் நைந்துபோனால் புதிதாக அச்சடித்து ஒட்டிவிடலாம். நாணயமான டயல்கூடச் செய்தவர் பெயரைச் சொல்லாமல் விற்றவர் பெயரைச் சொல்வதுண்டு. சென்னை மவுண்ட் ரோட்டு பி. ஓர் அண்ட் சன்ஸ் பெயர் டயலில் இருந்தாலும், உள்ளே இருக்கும் மெஷின் எந்த நாட்டில் பிறந்தது என்பதை அந்தப் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. மரப்பெட்டியின் வடிவமும் அப்படித்தான். அமெரிக்காவில் பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கிய இந்த எண்கோண வடிவத்தை ஜப்பானியர்களும் ஏராளமாகச் செய்தார்கள்.

அதனால் மெஷினில் தொடங்குவதே என் வழக்கம். முதலில் பெண்டுலத்தைக் கழற்றி வைத்தேன். பிறகு முட்களைப் பிடித்திருந்த ஊசியை உருவி, முட்களை எடுத்து, டயலின் திருகாணிகளைக் கழற்றினேன். இதுவரை யாரும் செய்யலாம். இரண்டு பித்தளைத் தகடுகளையும் பிணைத்திருக்கும் திருகுகளை மட்டும் தொடவே கூடாது. சாவி கொடுத்து இறுகியிருக்கும் ஸ்பிரிங் துள்ளினால் விரலைக் கிழித்துவிடும்.

டயல் கையில் வந்ததுமே ஒரு சேதி சொன்னது. சாவித் துளைகள் இரண்டு. ஒன்று ஓட்டத்துக்கு, மற்றது மணி அடிப்பதற்கு. இரண்டும் வட்டமாக இல்லை. அரத்தால் ராவி பக்கவாட்டில் நீட்டப்பட்டிருந்தன. மெஷினின் சாவித் தண்டும் டயலின் துளையும் நேருக்கு நேர் வராதபோதுதான் அரம் தேவைப்படும்.

அன்ஸோனியா போன்ற அமெரிக்க மெஷின்களில் பித்தளையை மிச்சப்படுத்தத் தகட்டின் நடுவே பெரிய ஜன்னல்கள் வெட்டியிருப்பார்கள். ஸ்பிரிங் மூடியில்லாமல் சுருண்டு கிடக்கும். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாலே தெரியும். ஜெர்மன்காரர்களின் மெஷினில் பெரும்பாலும் முழுத் தகடு. ஸ்பிரிங் ஒரு பித்தளை டப்பாவுக்குள் அடங்கியிருக்கும். இந்தக் கடிகாரத்தில் முழுத் தகடும் டப்பாக்களும்தான் இருந்தன. ஜன்னல் வெட்டிய தகடாக இருந்திருந்தாலும் உடனே அமெரிக்கா என்று சொல்லியிருக்க மாட்டேன். 1892இல் டோக்கியோவில் தொடங்கிய சீகோஷா தொழிற்சாலையின் மெஷின்களும் அந்த ஜாடையில் இருக்கும். முத்திரையைப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

மெஷினைத் திருப்பினேன். பின்தகட்டில், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில், எட்டு முனை நட்சத்திரமும் அதன் நடுவே 'ஜே' எழுத்தும். ஜெர்மனியில் ஷ்ராம்பெர்க் ஊரின் யுங்ஹான்ஸ் கம்பெனி முத்திரை அது. பக்கத்தில் 'பி 11'. அந்தக் கம்பெனியின் கணக்கில் 'ஏ' வருஷத்தின் முன்பாதி, 'பி' பின்பாதி. ஆக, 1911இன் பிற்பகுதியில் செய்த மெஷின். தகட்டில் எண் இருந்தாலே அது வருஷம் என்று எண்ணிவிடக் கூடாது. பல எண்கள் வெறும் மாடல் எண்கள். குஸ்தாவ் பெக்கர் என்ற இன்னொரு ஜெர்மன் பெயரில் வரும் நீண்ட எண் தொடர் எண். அது 1892 வாக்கில் பத்து லட்சத்தை எட்டியது என்பதை வைத்து அதன் வயதைக் கணிக்கலாம். முத்திரையே இல்லாத மெஷினுக்கு நாட்டையும் ஏறக்குறைய எந்தக் காலம் என்பதையும் சொல்லலாம், அவ்வளவுதான்.

நட்சத்திரத்துக்குக் கீழே 116 என்றும் ஓர் எண் இருந்தது. ஜெர்மன் மெஷின்களில் அடிக்கடி காணலாம்: நிமிஷத்துக்கு இத்தனை டிக். பெண்டுலத்தை மறுபடி மாட்டி, செல்போனில் நேரம் வைத்து எண்ணினோம். 120 வந்தது. நிமிஷத்துக்கு நாலு டிக் கூடுதல் என்றால் ஒரு நாளில் கிட்டத்தட்ட ஐம்பது நிமிஷம். நண்பரின் குறை அப்படியே கணக்கில் வந்துவிட்டது.

பெண்டுலம் குட்டையானால் கடிகாரம் வேகமாக ஓடும். தண்டை உற்றுப் பார்த்தால், நடுவில் வெட்டி மறுபடி பற்றவைத்த தழும்பு. ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் போயிருக்கும். ஏன் வெட்டினார்கள் என்பதைப் பெட்டி சொல்லிற்று. குண்டுக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை. பின்பலகையில் வேறு மெஷினின் திருகாணித் துளைகள் நான்கு, மெழுகு வைத்து அடைத்தபடி இருந்தன. உள்ளே இருந்தது எங்கோ போய், நீளமான பெட்டிக்குப் பிறந்த ஜெர்மன்காரர் இந்தக் குட்டைப் பெட்டிக்குள் குடியேறியிருக்கிறார்.

சரியான நீளத்தில் வேறு பெண்டுலம் போட்டால் நேரம் சரியாகும், ஆனால் அடிப்பலகையில் இடிக்கும். "அடியில ஒரு துளை போட்டுட்டா?" என்றார் நண்பர். அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தேன். நல்ல பழைய மரம். அதில் ரம்பம் வைக்க எனக்கு மனசு வரவில்லை.