45 விநாடியில் ஒரு கல்யாணப் பத்திரிகை

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே வீட்டு வாட்ஸ்அப் குழுவில் படங்கள் குவிந்துவிடும். சித்தப்பா எடுத்தது, மாப்பிள்ளையின் நண்பர் எடுத்தது, ஸ்டூடியோக்காரர் முன்னோட்டமாக அனுப்பியது என்று எல்லாம் கலந்து கிடக்கும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, “இதையெல்லாம் சேர்த்து ஒரு வீடியோ பத்திரிகை பண்ணிடலாமே” என்று வீட்டு இளவட்டம் ஒன்று கிளம்பும். செயலியைத் திறந்து, படங்களை வரிசையாகப் போட்டு, பாட்டைச் சேர்த்து, கடைசியில் மண்டபத்தின் பெயரை எழுதி முடிக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பார்த்த பெரியம்மா போனை எடுத்து, “கல்யாணம் என்னைக்குப்பா?” என்று கேட்பார்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வேலையைப் பின்னாலிருந்து தொடங்குவார்கள். முதலில் எழுத்து, அப்புறம்தான் படம். ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு காலை 7.30 முதல் 9 மணிக்குள் முகூர்த்தம். இரண்டையும் ஒரே திரையில் போட்டால் படிப்பவர் கண்ணில் ஒன்றுதான் நிற்கும். வரவேற்பு முதல் நாளே முடிந்தது தெரியாமல் ஞாயிறு மாலை பரிசுப் பொட்டலத்தோடு பூட்டிய மண்டபத்துக்கு வந்து நிற்கும் விருந்தாளி இப்படித்தான் உருவாகிறார். ஆகவே வரவேற்புக்கு ஒரு திரை, முகூர்த்தத்துக்கு ஒரு திரை, மண்டபத்துக்கு ஒரு திரை. ஒவ்வொன்றும் 5 விநாடி. எல்லா விவரமும் சேர்ந்த கடைசி அட்டை 8 விநாடி அசையாமல் நிற்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்க அந்த நேரம் தேவை. எழுத்துக்கே 23 விநாடி போய்விட்டது. மொத்தம் 45 விநாடி என்றால் மிச்சம் 22. தொடக்கத்தில் ஜோடியின் நல்ல படம் ஒன்று, பெயர்களோடு 4 விநாடி. பிறகு ஆறு படங்கள், தலா 2 விநாடி. இரண்டு வீடியோத் துண்டுகள், தலா 3 விநாடி. அவ்வளவுதான் இடம். அறுபது படங்களில் ஆறைத் தேர்ந்தெடுப்பதுதான் வீட்டில் சண்டை மூட்டும் கட்டம். அத்தை விட்டுப்போனார், மாமா விட்டுப்போனார் என்ற மனத்தாங்கல் வரும். ஜோடியும் பெற்றோரும் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எந்தப் படம் என்பதைவிட, அந்தப் படம் எந்த வழியில் வந்தது என்பது முக்கியம். போனில் பார்க்கும் வீடியோ நெட்டுவாக்கில், 1080க்கு 1920 புள்ளி அளவில் இருக்கும். ஸ்டூடியோக்காரர் எடுத்த படமோ பெரும்பாலும் கிடைமட்டம். கேமராவிலிருந்து வந்த அசல் 6000க்கு 4000 புள்ளி என்றால், நடுவில் நெட்டுவாக்கில் வெட்டினாலும் 2250க்கு 4000 கிடைக்கும். தேவையைப் போல் இரண்டு மடங்கு. அதே படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்திருந்தால், அகலம் சுமார் 1600 புள்ளிக்குச் சுருங்கியிருக்கும். அதை வெட்டினால் அகலத்தில் 600 புள்ளிதான் தேறும். அதை இழுத்து 1080 ஆக்கும்போது பெண்ணின் நெற்றிச்சுட்டி வெறும் மஞ்சள் திட்டாகிவிடும். பென்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ அசலைக் கேட்டு வாங்குவதற்கு இணையான மெருகூட்டல் எந்தச் செயலியிலும் இல்லை.

இரு குடும்பமும் நிற்கும் அகலமான படத்தை வெட்டவே முடியாது. மாமியார் பாதியாகிவிடுவார். அந்தப் படத்தை முழுசாக நடுவில் வைத்து, அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் நிரப்பலாம். இன்ஷாட், விஎன் போன்ற செயலிகளில் இதற்கு வசதி உண்டு.

ஒலிக்கு வருவோம். எல்லோரும் சினிமாப் பாட்டைத்தான் தேடுகிறார்கள். உரிமையுள்ள பாட்டை வைத்து யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ ஏற்றினால் ஒலி முடக்கப்படலாம். ஆனால் நிச்சயதார்த்த வீடியோவிலேயே பாட்டைவிட நல்ல ஒலி ஒன்று பல வீடுகளில் இருக்கிறது: லக்னப் பத்திரிகை வாசிக்கும் குரல். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், பெற்றோர் பெயர், நாள், முகூர்த்தம் எல்லாம் அதில் வரும். அதிலிருந்து பெயர்கள் வரும் ஏழெட்டு விநாடியை மட்டும் பிரித்தெடுத்து, தட்டு மாற்றும் காட்சிக்கு அடியில் ஓடவிட்டுப் பாருங்கள். பின்னணியில் மெல்ல நாதஸ்வரம் கேட்டால் இன்னும் நல்லது. பாத்திரச் சத்தமும் “இங்க பாருங்க, இங்க பாருங்க” என்ற கேமராக்காரர் குரலும் கேட்கும் மற்ற துண்டுகளின் ஒலியை அடைத்துவிட வேண்டியதுதான்.

தமிழ் எழுத்தில் ஒரு கண்ணி உண்டு. சில மென்பொருள்களில் கொம்பு இடம் மாறி நிற்கும். ‘கோ’ என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து, நடுவே புள்ளி வட்டம் வரும். மணமகன் கோபாலகிருஷ்ணன் என்றால் தலைப்பிலேயே மானம் போகும். பழைய ஸ்டூடியோ எழுத்துருவில் அடித்ததை நகலெடுத்துப் போனில் ஒட்டினாலோ ஆங்கில எழுத்துகளின் கலவைதான் மிஞ்சும். யூனிகோடில் அடித்து, நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், மீரா இனிமை போன்ற இலவச எழுத்துருக்களைப் பயன்படுத்தலாம். அப்போதும் சரியாக வராவிட்டால், வேறொரு செயலியில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து வீடியோவின் மேல் வைத்துவிடலாம். எழுத்தைத் திரையின் நடுப்பகுதியில் நிறுத்துங்கள். ஸ்டேட்டஸில் மேலே அனுப்பியவர் பெயரும் கீழே பதில் எழுதும் பட்டையும் வந்து மறைக்கும்.

இனி, பூ உதிரும் அலங்காரம். ரோஜா இதழ் கொட்டுவதும் தங்கத்தூள் மின்னுவதும் இல்லாமல் ஒரு டெம்ப்ளேட்கூடக் கிடைப்பதில்லை. வீடியோவைச் சுருக்கும் முறை, ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் என்ன மாறியது என்பதைப் பெரும்பாலும் சேமிப்பது. அசையாத முகத்துக்கு அதிகம் செலவில்லை. ஆனால் திரை முழுக்க இதழ் விழுந்தால் ஒவ்வொரு பிரேமிலும் எல்லாமே மாறுகிறது. வாட்ஸ்அப் அதைச் சுருக்கும்போது இருக்கிற அளவில் பெரும்பங்கை இதழ்களே தின்றுவிட, முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. எடிட் செய்தவர் போனில் பளபளவென்று இருந்தது, மூன்றாவது கை மாறியதும் கலங்கிப்போவது இதனால்தான். அலங்காரம் வேண்டுமென்றால் முதல் திரையோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லோருக்கும் அனுப்பும் முன் வேறொரு பழைய போனுக்கு அனுப்பி, அங்கே முகூர்த்த நேரம் படிக்க வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

வீடியோவுக்குள் கியூஆர் கோடு வைப்பது இப்போது வழக்கமாகிவருகிறது. பார்ப்பவர் கையில் இருப்பது அதே ஒரு போன். அதை வைத்து அதையே எப்படி ஸ்கேன் செய்வது? மண்டபத்தின் கூகுள் மேப் இணைப்பைத் தனிச் செய்தியாக அனுப்பினால் தொட்டவுடன் திறக்கும்.

பிறந்தநாள் அழைப்புக்கும் முறை இதேதான், ஒரு எச்சரிக்கையைத் தவிர. குழந்தையின் முழுப் பெயர், பிறந்த தேதி, பள்ளிச் சீருடை, வீட்டு முகவரி நான்கும் ஒரே வீடியோவில் சேர்ந்து ஊரெல்லாம் சுற்றக் கூடாது. முகவரியைத் தனிச் செய்தியில் சொல்லலாம்.

கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில் போனுக்குள் புகும் மோசடிச் செயலிகளைப் பற்றி 2024இல் இமாச்சலப் பிரதேச போலீசார் உட்படப் பலர் எச்சரித்தார்கள். அந்தக் கோப்புகளின் பெயர் .apk என்று முடியும். வீடியோ அழைப்பு வழக்கமாக .mp4 என்ற வடிவில்தான் வரும். அதைப் பார்க்க எந்தச் செயலியையும் நிறுவச் சொல்லிக் கேட்காது. தெரிந்த எண்ணிலிருந்தே வந்தாலும் .apk கோப்பைத் தொடாதீர்கள். அனுப்பியவரை ஒரு முறை போனில் கூப்பிட்டுக் கேளுங்கள்.