தெசிமோ: ஒரு லாட்டரிச் சீட்டில் மூன்று கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 22 காலையில் ஸ்பெயினே தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடும். மத்ரித் நகரின் தியாத்ரோ ரெயால் அரங்க மேடையில் சான் இல்தெஃபோன்சோ பள்ளிக் குழந்தைகள் கிறிஸ்துமஸ் லாட்டரி எண்களைப் பாடுவார்கள். ஒரு குழந்தை எண்ணைப் பாட, இன்னொரு குழந்தை பரிசுத் தொகையைப் பாடும். நெப்போலியன் படைகளுடன் போர் நடந்த காலத்தில், அரசுக்குப் பணம் திரட்ட 1812இல் காதிஸ் நகரில் தொடங்கிய குலுக்கல் இது.

ஸ்பானிய மொழியில் வரிசை எண், பின்னம், சதவீதம் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க இந்தச் சீட்டை விட நல்ல பாடம் கிடைக்காது. சீட்டின் பெயரிலேயே பாடம் ஆரம்பித்துவிடுகிறது. முழுச் சீட்டின் விலை 200 யூரோ. அதைப் பத்தாகப் பிரித்து, ஒரு பங்கை 20 யூரோவுக்கு விற்கிறார்கள். அந்தப் பங்குக்குப் பெயர் 'தெசிமோ'. அதற்குப் பத்தில் ஒன்று என்று பொருள். ஆனால் அதே 'தெசிமோ'வுக்குப் 'பத்தாவது' என்றும் பொருள் உண்டு. ஸ்பானியம் கற்கிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான்.

தமிழில் இந்தக் குழப்பம் வர வழியில்லை. 'ஐந்தாவது' வேறு, 'ஐந்தில் ஒன்று' வேறு. ஸ்பானியத்தில் நான்கு முதல் பத்து வரை இரண்டுக்கும் ஒரே சொல்தான்: குவார்த்தோ, கின்தோ, செக்ஸ்தோ, செப்திமோ, ஒக்தாபோ, நொபேனோ, தெசிமோ. இவற்றில் சிலவற்றை எழுதும்போது 'வ' வரும், சொல்லும்போது 'ப' ஆகிவிடும். தெசிமோவின் 'சி'யும் ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனி பல்லிடுக்கில் வந்து ஒலிப்பது. இங்கே லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் எழுதுகிறேன்.

ஒரே சொல் என்றால் எது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பரிசுப் பட்டியலைப் பார்த்தால் விளங்கும். 'எல் கோர்தோ' என்று செல்லமாக அழைக்கப்படும் முதல் பரிசு ஒன்று, இரண்டாம் பரிசு ஒன்று, மூன்றாம் பரிசு ஒன்று. அதன் பிறகு நான்காம் பரிசுகள் இரண்டு, ஐந்தாம் பரிசுகள் எட்டு. இந்த இரண்டு நான்காம் பரிசுகளை ஸ்பானியர் 'தோஸ் குவார்த்தோஸ் பிரேமியோஸ்' என்பார்கள். 'தோஸ் குவார்த்தோஸ்' என்பதோடு நிறுத்தினால் அது 2/4, அதாவது அரை! எட்டு ஐந்தாம் பரிசுகளான 'ஓச்சோ கின்தோஸ் பிரேமியோஸ்' என்பதில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டால் 8/5 ஆகிவிடும்.

அந்தக் கடைசிச் சொல்லில்தான் விடை இருக்கிறது. வரிசை எண் ஒரு பெயரடை. அது பெயர்ச்சொல்லோடு நேராக ஒட்டி நிற்கும், அதன் பாலையும் எண்ணிக்கையையும் பின்பற்றும். பின்னம் தானே ஒரு பெயர்ச்சொல். எதன் பங்கு என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் 'தெ' என்ற உருபு வரும். 'எல் கின்தோ பிரேமியோ' என்றால் ஐந்தாம் பரிசு. 'உன் கின்தோ தெல் பிரேமியோ' என்றால் பரிசில் ஐந்தில் ஒரு பங்கு. (தெ, எல் இரண்டும் சேர்ந்தால் தெல்.) சந்தேகம் வந்தால் பின்னால் 'தெ' இருக்கிறதா என்று பாருங்கள். மதுக்கடைகளில் மட்டும் இந்த விதி செல்லாது. அங்கே 'உன் கின்தோ' என்று மொட்டையாகக் கேட்டாலே லிட்டரில் ஐந்தில் ஒன்றான சின்ன பீர் பாட்டில் வந்துவிடும். 'உன் தெர்சியோ' என்றால் மூன்றில் ஒன்று அளவுள்ள பாட்டில்.

பின்னத்தைச் சொல்ல இன்னொரு வழியும் உண்டு. 'பார்த்தே', அதாவது பங்கு என்ற சொல்லைச் சேர்த்து 'லா தெசிமா பார்த்தே' என்றாலும் பத்தில் ஒன்றுதான். 'பார்த்தே' பெண்பால் சொல் என்பதால் தெசிமோ, தெசிமா ஆகிறது. அன்றாடப் பேச்சில் இந்த வடிவம்தான் இயல்பாக வரும்.

அரைக்கும் மூன்றில் ஒன்றுக்கும் மட்டும் தனிச் சொற்கள்: மெதியோ, தெர்சியோ. அரைக் கிலோவுக்கு 'மெதியோ கிலோ' போதும், முன்னால் 'உன்' தேவையில்லை. ஒன்றரைக் கிலோ 'கிலோ இ மெதியோ'. மணி பெண்பால் என்பதால் ஒன்றரை மணி நேரம் 'ஓரா இ மெதியா'. 'பாதி' என்ற பொருளில் பெயர்ச்சொல்லாக வரும்போது 'மித்தாத்'.

வரிசை எண்களில் முதல் மூன்றும் பின்னத்தோடு மோதுவதில்லை: பிரிமேரோ, செகுந்தோ, தெர்செரோ. ஆனால் பிரிமேரோவும் தெர்செரோவும் ஆண்பால் ஒருமைச் சொல்லுக்கு முன்னால் வால் அறுந்து நிற்கும். முதல் பரிசு 'பிரிமேர் பிரேமியோ', மூன்றாம் பரிசு 'தெர்சேர் பிரேமியோ'. பெண்பாலுக்கு முன்னும் பன்மைக்கு முன்னும் முழு வடிவம் திரும்பிவிடும். எழுதும்போதும் இந்த வித்தியாசத்தைக் காட்ட வேண்டும். முதல் பரிசை 1.er என்றும், இரண்டாம் பரிசை 2.º என்றும், மூன்றாம் பரிசை 3.er என்றும் சுருக்குவார்கள். பெண்பால் என்றால் 1.ª, 2.ª. எண்ணுக்கும் மேலே ஏறி நிற்கும் எழுத்துக்கும் நடுவில் உள்ள புள்ளி ஒரு சுருக்கத்தின் அடையாளம், அதை விடக் கூடாது என்கிறது ஸ்பெயினின் அரச மொழிக் கழகம். நடைமுறையில் கடைப்பலகைகளில் பாதிக்கு மேல் அந்தப் புள்ளியைக் காண முடியாது என்பது வேறு கதை.

பத்தைத் தாண்டியதும் பேச்சு மொழி சட்டென்று சோம்பேறியாகிவிடுகிறது. பதினொன்றாவதுக்கு உந்தெசிமோ, பன்னிரண்டாவதுக்கு துவோதெசிமோ, இருபதாவதுக்கு பிகெசிமோ என்று முறையான சொற்கள் இருக்கின்றன. ஆனால் பன்னிரண்டாவது மாடிக்குப் போகிற யாரும் லிஃப்டில் துவோதெசிமோ என்று சொல்வதில்லை. 'பிசோ தோசே', மாடி பன்னிரண்டு, அவ்வளவுதான். அரசர்களின் பெயரிலும் இதே எல்லைக்கோடு. இன்றைய மன்னர் ஃபெலிப்பே VI, வாசிக்கும்போது 'ஃபெலிப்பே செக்ஸ்தோ'. அவருடைய கொள்ளுத்தாத்தா அல்ஃபோன்சோ XIII, வாசிக்கும்போது 'அல்ஃபோன்சோ த்ரேசே', வெறும் பதின்மூன்று. இருபத்தோராம் நூற்றாண்டும் 'சிக்லோ பெயின்தியூனோ', நூற்றாண்டு இருபத்தொன்று. ரோமன் எண்ணே வரிசையைக் காட்டிவிடுவதால் அதன் தலையில் º போடக் கூடாது.

பின்னத்தின் பாதையும் பத்துக்கு மேல் பிரிகிறது. அங்கே எண்ணோடு 'ஆபோ' ஒட்டும். பதினொன்றில் ஒன்று ஒன்செயாபோ, பன்னிரண்டில் ஒன்று தோசெயாபோ, இருபதில் ஒன்று பெயின்தெயாபோ. சொல் பார்க்க எளிமையாக இருப்பதால் இதையே வரிசை எண்ணாகவும் பயன்படுத்தும் பழக்கம் ஸ்பானியம் பேசுகிறவர்களிடமே பரவியிருக்கிறது. மாடியை 'தோசெயாபோ பிசோ' என்கிறார்கள். இலக்கணப்படி அது ஒரு மாடியைப் பன்னிரண்டாக வெட்டி எடுத்த துண்டு. படித்தவர் காதில் இது உறுத்தும். துவோதெசிமோ நினைவுக்கு வராவிட்டால் 'பிசோ தோசே' என்று சொல்லிவிடுவதே நல்லது.

இனிச் சதவீதம். தெசிமோ ஒன்றுக்கு எல் கோர்தோ விழுந்தால் 400.000 யூரோ. ஸ்பெயினில் அந்தப் புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும் குறி, தசமப் புள்ளி அல்ல. ஆகவே இது நான்கு லட்சம். மொழிக் கழகம் புள்ளிக்குப் பதில் இடைவெளி விட்டு 400 000 என்று எழுதச் சொல்கிறது, ஆனால் பழைய பழக்கம் போகவில்லை. பரிசில் முதல் 40.000 யூரோவுக்கு வரி கிடையாது. மீதி 360.000 யூரோவுக்கு அரசு எடுப்பது 20 %. அது 72.000. வென்றவர் கைக்கு வருவது 328.000 யூரோ.

அந்த வரியை வாசிப்பது 'எல் பெயின்தே போர் சியெந்தோ'. 'போர் சியெந்தோ' இரண்டு சொல், சேர்த்து எழுதக் கூடாது. எழுத்தில் எண்ணுக்கும் குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும்: 20 %. எண்ணைச் சொல்லாக எழுதினால் குறியையும் சொல்லாகவே எழுத வேண்டும். முன்னால் வரும் 'எல்' அநேகமாக விடுபடாது. அதற்குப் பதிலாக 'உன்' வரலாம், அப்போது 'ஏறத்தாழ' என்ற சாயல் கொஞ்சம் ஏறும். ஸ்பெயினின் பொது விற்பனை வரி 21 %. அதை 'பெயின்தியூனோ போர் சியெந்தோ' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். 'பெயின்தியூன் போர் சியெந்தோ' என்று வால் அறுப்பது பலர் செய்யும் பிழை.

இப்போது எல்லாவற்றையும் ஒரு சீட்டில் சேர்த்துப் பார்ப்போம். ஊர்ச் சங்கங்களும் விளையாட்டுக் குழுக்களும் தெசிமோவை மேலும் சிறு பங்குகளாகப் பிரித்து விற்பதுண்டு. 5 யூரோ கொடுத்தால் 4 யூரோ சீட்டுக்கு, 1 யூரோ சங்கத்துக்கு நன்கொடை என்பது பரவலான ஏற்பாடு. இருபதில் நான்கு என்பது ஐந்தில் ஒன்று. ஆக உங்கள் கையில் இருப்பது 'உன் கின்தோ தெ தெசிமோ', பத்தில் ஒன்றின் ஐந்தில் ஒன்று. முழுச் சீட்டில் அது ஐம்பதில் ஒரு பங்கு, 2 %. முதல் பரிசு விழுந்தால் வரி போக 65.600 யூரோ உங்களுக்கு. கொடுத்த ஐந்து யூரோவில் நன்கொடையாகப் போனதோ 'லா கின்தா பார்த்தே', 20 %.

விழும் வாய்ப்பு எவ்வளவு? குலுக்கலில் 00000 முதல் 99999 வரை ஒரு லட்சம் எண்கள். ஓர் எண்ணுக்கு முதல் பரிசு விழும் வாய்ப்பு 'ஊனா சியென்மிலெசிமா', லட்சத்தில் ஒன்று. சதவீதத்தில் 0,001 %. இங்கே தசமக் குறி காற்புள்ளி. வாசிக்கும்போது அதையும் சொல்ல வேண்டும்: 'செரோ கோமா செரோ செரோ ஊனோ போர் சியெந்தோ'. இதே எண்ணை மெக்சிகோவில் புள்ளி வைத்து எழுதுவார்கள், 'கோமா' போய்ப் 'புந்தோ' வரும். ஸ்பானிய மொழியில் ஒரு விலைப்பட்டியலோ ஒப்பந்தமோ கைக்கு வந்தால் தொகையைப் படிக்கும் முன் அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பாருங்கள், 1.500 என்பது ஓர் ஊரில் ஆயிரத்து ஐந்நூறு, இன்னோர் ஊரில் ஒன்றரை.