வாங்கிய வரி முழுவதையும் செலவிட்டால் என்ன ஆகும்?

அரசு மக்களிடம் கூடுதலாக 100 கோடி ரூபாய் வரி வாங்குகிறது. அந்த 100 கோடியையும் பள்ளிக் கட்டடங்கள் கட்டச் செலவிடுகிறது. கடன் வாங்கவில்லை; பற்றாக்குறை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. நாட்டின் மொத்த வருமானம் என்ன ஆகும்? மக்களிடம் வாங்கியதை மக்களுக்கே கொடுத்தாயிற்று, மாற்றம் எதுவும் இராது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள்.

1945-ல் 'எக்கனோமெட்ரிகா' ஆய்விதழில் நார்வே பொருளியலாளர் டிரிக்வே ஹாவெல்மோ எழுதிய கட்டுரை வேறு விடை சொன்னது. வேலை தேடும் ஆட்களும் ஓடாத இயந்திரங்களும் உள்ள நாட்டில் வருமானம் 100 கோடி உயரும். 90-ம் அல்ல, 110-ம் அல்ல. டென்மார்க்கின் யோர்கன் கெல்டிங் 1941-லேயே இதே முடிவுக்கு வந்திருந்தார். பொருளியலில் இதைச் 'சமநிலை பட்ஜெட் பெருக்கி ஒன்று' என்கிறார்கள்.

கணக்கைப் படிப்படியாகப் பார்க்கலாம். கையில் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயிலும் மக்கள் 80 காசு செலவிட்டு 20 காசு சேமிப்பதாக வைத்துக்கொள்வோம். அரசு 100 கோடிக்குக் கட்டடம் கட்டியதும் கொத்தனார், செங்கல் சூளைக்காரர், சிமெண்ட் வியாபாரி ஆகியோரின் வருமானம் 100 கோடி ஏறுகிறது. அவர்கள் அதில் 80 கோடியைச் செலவிடுகிறார்கள். அது வேறு சிலருக்கு வருமானமாகிறது. அவர்கள் 64 கோடியைச் செலவிடுகிறார்கள். இப்படியே போனால் 100 + 80 + 64 + … என்று கூட்டுத்தொகை 500 கோடியில் நிற்கும். சூத்திரமாக எழுதினால் 1/(1 − c). இங்கே c என்பது 0.8.

வரியின் பக்கம் கதை ஒரு படி தள்ளித் தொடங்குகிறது. 100 கோடி வரி கட்டியவர்கள் தங்கள் செலவை 100 கோடி குறைப்பதில்லை. 80 கோடியைச் செலவிலிருந்து குறைக்கிறார்கள். மீதி 20 கோடி, சேமிப்பாகப் போயிருக்க வேண்டிய பணம். ஆகவே இறங்குவரிசை 80 + 64 + 51.2 + … என்றுதான் ஆரம்பமாகிறது. அதன் கூட்டுத்தொகை 400 கோடி. சூத்திரம் −c/(1 − c).

இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்தால் விஷயம் விளங்கிவிடும். செலவு வரிசையில் இரண்டாவதாக வரும் 80-ஐ வரி வரிசையின் முதல் 80 அழித்துவிடுகிறது. 64-ஐ 64 அழிக்கிறது. கடைசிவரை எல்லாமே அழிந்து, அரசு நேரடியாக வாங்கிய அந்த முதல் 100 மட்டும் மிஞ்சுகிறது.

(1 − c)/(1 − c) = 1

மக்கள் 80 காசுக்குப் பதில் 60 காசோ 90 காசோ செலவிட்டாலும் விடை மாறாது. வருமானம் 100 உயர்ந்தது, வரியும் 100 உயர்ந்தது. எனவே வரி போக மக்கள் கையில் நிற்பது பழைய தொகைதான். நுகர்வும் பழையபடியே இருக்கிறது. புதிதாக வந்தவை பள்ளிக் கட்டடங்களும், அவற்றைக் கட்டியவர்களுக்குக் கிடைத்த வேலையும்.

இந்த 'ஒன்று' எங்கே பொய்க்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசு பொருளோ உழைப்போ வாங்காமல் பணத்தை உதவித்தொகையாகக் கொடுத்தால் முதல் 100 இல்லாமல் போகிறது. வாங்கியவரும் கொடுத்தவரும் ஒரே அளவு செலவிடுபவர்கள் என்றால் விளைவு பூஜ்யம். 100 கோடியில் 30 கோடி வெளிநாட்டுக் கருவிகளுக்குப் போனால் உள்நாட்டு வருமானம் 70-ல்தான் தொடங்கும். எல்லோருக்கும் வேலை இருக்கும் காலத்தில் உற்பத்தி உயர வழியில்லை, விலைவாசிதான் ஏறும்.

இதுவரை பார்த்தது தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட வரி. நடைமுறையில் வருமான வரியும் விற்பனை வரியும் வருமானத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. ஒவ்வொரு ரூபாய் வருமானத்திலும் 25 காசு வரி என்போம். இப்போது தனியார் முதலீடு திடீரென்று 100 கோடி சரிகிறது.

வருமானத்தில் ஒரு ரூபாய் இழந்தவருக்கு வரியில் 25 காசு குறைகிறது. உண்மையில் அவர் இழந்தது 75 காசு. அதில் ஐந்தில் நான்கு பங்கான 60 காசைத்தான் செலவிலிருந்து குறைக்கிறார். ஆகவே சரிவு 100 + 60 + 36 + … என்று 250 கோடியில் நின்றுவிடுகிறது. வரி நிலையான தொகையாக இருந்திருந்தால் 500 கோடி வீழ்ச்சி. யாரும் கோப்பில் கையெழுத்திடவில்லை, சட்டமன்றம் கூடவில்லை, அடி பாதியாகிவிட்டது. தானியங்கி நிலைப்படுத்தி என்பது இதுதான். வீழ்ச்சி மறைந்துவிடவில்லை, தணிந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வளர்ச்சிக் காலத்தில் இதே வரி கூடுதலாக உறிஞ்சி வேகத்தையும் மட்டுப்படுத்தும்.

இதற்கு ஒரு விலை உண்டு. வருமானம் 250 குறைந்ததால் அரசின் வரி வரவு 62.5 கோடி குறைகிறது. செலவு அப்படியே இருப்பதால் அத்தனையும் பற்றாக்குறையாக ஏறுகிறது. 'வரவுக்குள் செலவு' என்ற விதியை அரசு அந்த நேரத்தில் பிடித்துக்கொண்டால்தான் விபரீதம். ஒரு ரூபாய் வருமானம் குறையும்போது மக்கள் 60 காசு குறைக்க, வரவிழந்த அரசும் தன் பங்குக்கு 25 காசு குறைக்கும். சேர்த்தால் 85 காசு. அந்த வரிசையின் கூட்டுத்தொகை சுமார் 667 கோடி. நிலையான வரி இருந்தால் வரும் 500 கோடி வீழ்ச்சியைவிட இது மோசம். தாங்க வேண்டிய வரி, விதியோடு சேர்ந்தவுடன் தள்ளிவிடுகிறது.

அமெரிக்காவில் 2009-ல் இரண்டு முகங்களும் ஒரே நேரத்தில் தெரிந்தன. மத்திய அரசின் வரவு முந்தைய ஆண்டின் சுமார் 2.5 லட்சம் கோடி டாலரிலிருந்து சுமார் 2.1 லட்சம் கோடிக்கு இறங்கியது. நிறுவன வருமான வரி மட்டும் பாதிக்கும் கீழே போனது. அந்த அரசு பற்றாக்குறையை ஏற விட்டது. மாநிலங்களில் பெரும்பாலானவற்றுக்கோ பட்ஜெட்டைச் சமன் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் உண்டு. கலிபோர்னியா ஏப்ரலில் விற்பனை வரியை ஒரு சதவீதப் புள்ளி உயர்த்தியது. அரசு ஊழியர்களை மாதத்தில் சில நாட்கள் சம்பளமின்றி வீட்டில் இருத்தியது. ஜூலையில் பணத்துக்குப் பதில் கடன் பத்திரம் கொடுத்தது. தேவை ஏற்கெனவே சுருங்கியிருந்த ஆண்டில் அது மேலும் சுருக்கப்பட்டது. மத்திய அரசு ஊக்கச் சட்டத்தின் வழியே மாநிலங்களுக்கு நிதி அனுப்பி அதில் ஒரு பகுதியை ஈடுகட்டியது.

எனவே பற்றாக்குறை ஏறியது என்று செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, வரி விகிதமும் திட்டச் செலவும் மாறினவா என்பதை. இரண்டும் மாறாமல் பற்றாக்குறை ஏறியிருந்தால் அது பெரும்பாலும் நிலைப்படுத்தியின் வேலை. அதை ஊதாரித்தனம் என்று வெட்டுவது தவறான வைத்தியம். இந்திய மாநிலங்களுக்கும் கடன் வரம்பு உண்டு. 2020-ல் பெருந்தொற்று வந்தபோது மத்திய அரசு அந்த வரம்பை மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக அந்த ஆண்டுக்கு உயர்த்தியது. உயர்த்தியதில் ஒரு பகுதிக்குச் சீர்திருத்த நிபந்தனைகளும் விதித்தது. மந்தம் வந்தால் வரம்பு தானே தளரும் என்று விதியிலேயே எழுதிவைப்பதுதான் முறை.